பூனையை எலி துரத்திய இலக்கணம்

பகுபத உறுப்பிலக்கணம்னு சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். "நடந்தேன் = நட + த்(ந்) + த் + ஏன்". நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், இன்னொரு த் இறந்தகால இடைநிலை, ஏன் தன்மை ஒருமை வினைமுற்று விகுதி. மந்திரம் மாதிரி ஒப்பித்தால் ரெண்டு மார்க். எதுக்கு அந்த அடைப்புக்குறி, ஏன் ரெண்டு த் என்று கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை. வேற்றுமை உருபும் அப்படித்தான். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஏழாவதா வர்ற 'கண்'ணை வாழ்நாளில் ஒரு தடவையாவது பேச்சில் பயன்படுத்தினோமா என்றால் இல்லை.

நம்ம ஊருக்கு இது புதுசில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல் 462 நூற்பா. முதல்ல மனப்பாடம், அர்த்தம் அப்புறம் மெதுவா வரும் என்பதுதான் பல தலைமுறையாக முறை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் இலக்கணச் சுருக்கம், இலக்கண வினாவிடை என்று உரைநடையில் எழுதி அதை ரொம்பவே எளிமையாக்கினார். ஆனாலும் வினாவிடை வினாவிடைதான். கேள்வியும் புத்தகத்தோடது, பதிலும் புத்தகத்தோடது.

இதுக்கு நேர் எதிரான பக்கத்தில் இருந்து இலக்கணத்தை அணுகின ஒரு அம்மா நம்ம அடையாறில் வருஷக்கணக்கில் இருந்திருக்கிறார். பேரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும், மரியா மாண்டிசோரி. மணிகள், மரக்கட்டைகள், உப்புத்தாள் எழுத்துக்கள் எல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க. அவரோட இலக்கணப் பெட்டியைப் பற்றி நம்ம பக்கம் பேச்சே காணோம். நான் கொஞ்ச நாளா அதைத்தான் துருவிக்கிட்டு இருக்கேன். அதைத் தமிழில் விளையாடினால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. அதுக்கு முன்னாடி ரோமுக்குப் போய்ட்டு வந்துடுவோம்.

1907 ஜனவரி 6. ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்கிற ஏழைத் தொழிலாளிகள் குடியிருப்பு. அப்பா அம்மா வேலைக்குப் போனபிறகு சுவரில் கிறுக்கிக்கிட்டுத் திரிந்த பிள்ளைகளுக்காக அங்கே 'குழந்தைகள் இல்லம்' திறந்தார்கள். டாக்டருக்குப் படித்த மாண்டிசோரி அதைப் பொறுப்பேற்றார். கொஞ்ச நாளில் நாலு, அஞ்சு வயசுப் பிள்ளைகள் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்தது வாசிப்பு. அதுக்கு அந்த அம்மா ஒரு விளையாட்டு யோசித்தார். பொம்மைகளை அடுக்கி வைத்து, ஒவ்வொண்ணு பேரையும் துண்டுச்சீட்டில் எழுதி மடித்துக் குலுக்கிப்போட்டார். சீட்டை எடுத்து, மனசுக்குள்ள படித்து, சரியா சொன்னால் அந்தப் பொம்மை உனக்கு, எவ்வளவு நேரம் வேணுமோ விளையாடிக்கோ. பிள்ளைகள் படித்தார்கள். ஆனா பொம்மையைத் தொடவே இல்லை! அடுத்த சீட்டு குடு, அடுத்த சீட்டு குடு என்று கையை நீட்டிக்கிட்டே இருந்தார்களாம். ஏழைப் பிள்ளைகள், அப்படிப்பட்ட பொம்மைகளைக் கண்ணால் பார்த்திராதவர்கள். இதை அவரே ஆச்சரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த கட்டம் கட்டளைச் சீட்டு. சீட்டில் பொருளோட பேருக்குப் பதிலா ஒரு வேலை எழுதியிருக்கும். ஜன்னலைச் சாத்து, அப்புறம் கதவைத் திற என்கிற மாதிரி. பிள்ளை சத்தம் போடாமல் படிக்கும், எழுந்து போய்ச் செய்யும், வந்து உட்காரும். புரிந்ததா என்று டீச்சர் கேட்கவே வேண்டாம், செய்ததைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். அவரோட இலக்கணம் முழுக்க இந்தச் சீட்டிலிருந்து முளைத்ததுதான் என்பது என் எண்ணம்.

1916இல் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தன் முறையைப் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார். அதில் இலக்கணத்துக்குத் தனிப் பகுதி. அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டிகள், ஒவ்வொரு சொல்வகைக்கும் ஒரு நிறச் சீட்டு. பெயர்ச்சொல் கறுப்பு, வினைச்சொல் சிவப்பு, பெயரடை பழுப்பு, இப்படி ஒன்பது நிறம். பெட்டி எடுக்கறதுக்கு முன்னால் பொருளை வைத்து ஒரு நாடகம் நடக்கும். உதாரணமா வினைச்சொல். டீச்சர் ஒரு பிள்ளையிடம் பொம்மைக் குதிரையைக் கேட்பார், வந்துடும். 'குதி' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பார், பிள்ளை குதிக்கும். "சரி, இப்ப அந்தக் குதிப்பை எடுத்து இந்த மேஜைமேல வை பார்ப்போம்" என்பார். பிள்ளை முழிக்கும். குதிரையை வைக்கலாம், குதிப்பை எப்படி வைக்கிறது? பெயருக்கும் வினைக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. 'பொருளை உணர்த்துவது, தொழிலை உணர்த்துவது' என்கிற வரி இந்த முழிப்புக்கு அப்புறம் வந்தால் ஒட்டும், முன்னால் வந்தால் உதிர்ந்துடும்.

பெயரடைக்குத் துப்பறியும் விளையாட்டு. தரையில் 63 முக்கோணங்கள் பரப்பியிருக்கும். அளவு மூணு, நிறம் மூணு, வடிவம் ஏழு. டீச்சர் மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு முக்கோணம் எடுத்துட்டு வா என்பார். எதை எடுத்து வந்தாலும் "இல்லை, சிவப்பு முக்கோணம்" என்பார். அப்புறம் "பெரிய சிவப்பு முக்கோணம்". ஒவ்வொரு சொல் சேரும்போதும் தரையில் மிச்சம் இருப்பது குறையும். அடைமொழி என்பது அலங்காரம் இல்லை, ஆளை அடையாளம் காட்டும் கருவி என்று பிள்ளைக்கு உடம்பால் புரியும்.

இதுவரைக்கும் தமிழிலும் சிக்கல் இல்லை. பிரச்சினை எங்கே வருதுன்னு பார்க்கறதுக்கு அடையாறு போகணும்.

1939 கடைசியில் பிரம்மஞான சபை அழைப்பின் பேரில் மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். அப்போ சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவியோட கணவர். அடையாறு தோட்டத்தில் ஓலைக்குடிசைகள் போட்டு சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி நடந்தது. சில மாசம் இருந்துட்டுப் போகலாம்னு வந்தவரை யுத்தம் பிடித்துக்கொண்டது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும் அவரும் மகன் மாரியோவும் எதிரி நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். மாரியோவைக் காவலில் வைத்தார்கள், அம்மாவுக்கு அடையாறை விட்டுப் போகத் தடை. அந்த ஆகஸ்ட் 31, அவரோட எழுபதாவது பிறந்தநாள். மகனை விடுவித்ததுதான் அன்றைக்கு அரசாங்கம் கொடுத்த பரிசு. 1942இலிருந்து 1944 வரை கொடைக்கானலில் இருந்தார்கள், 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்கள்.

அந்த வகுப்புகளில் அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ வரிக்குவரி ஆங்கிலத்தில் சொல்வார். கேட்கிறவர்கள் தங்கள் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். எண்ணுக்கும் வடிவத்துக்கும் இது போதும், பத்து மணி எந்த மொழியிலும் பத்து மணிதான். ஆனா இலக்கணப் பெட்டி அப்படி இல்லை. அது இத்தாலிய மொழியின் எலும்புக்கூட்டை அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒன்பது நிறம் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒன்று பெயருக்கு முன்னால் வரும் சுட்டுச்சொல்லுக்கு. இத்தாலியனில் இல், லோ, லா என்று பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும், எது எந்தப் பெயரோடு சேரும் என்று ஜோடி சேர்ப்பதே முதல் விளையாட்டுகளில் ஒன்று. தமிழில் அந்த வகையே கிடையாது. (அவங்க 'இல்' பெயருக்கு முன்னால், நம்ம 'இல்' பெயருக்குப் பின்னால். வேடிக்கைதான்.)

இதைவிடப் பெரிய சங்கடம் இன்னொண்ணு. அந்தப் பெட்டி விளையாட்டின் உயிர் சீட்டை இடம் மாற்றுவதில் இருக்கு. பிள்ளை சீட்டுகளை வரிசையா அடுக்கி ஒரு வாக்கியம் செய்யும். டீச்சர் ரெண்டு சீட்டை இடம் மாற்றுவார். இத்தாலியனிலோ ஆங்கிலத்திலோ பூனையும் எலியும் இடம் மாறினால் துரத்தறவன் ஓடறவன் ஆகிடுவான். 'பூ ஜாடிக்குள்' என்பது 'ஜாடி பூவுக்குள்' ஆகும். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பில்தான் சொல் வரிசை என்கிற இலக்கணம் உள்ளே போகுது.

தமிழில் செய்து பாருங்க. பூனை, எலியை, துரத்தியது என்று மூணு சீட்டு. இடம் மாற்றினால் 'எலியைப் பூனை துரத்தியது'. அதே பூனை, அதே எலி. 'துரத்தியது எலியைப் பூனை' என்றாலும் பாட்டு மாதிரி இருக்கே தவிர அர்த்தம் நகரவே இல்லை. பிள்ளை உங்க மூஞ்சியைப் பார்க்கும், "அதுக்கென்ன இப்போ?" என்கிற மாதிரி. ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ்ச் சீட்டு தயாரிக்கிறவங்க சறுக்குற இடம் இதுதான். சீட்டு, நிறம், பெட்டி எல்லாம் இருக்கும், விளையாட்டு செத்துப்போயிருக்கும்.

வழி ரொம்பச் சின்னது. எலியை என்பதை ரெண்டாக வெட்டணும். பூனை, எலி, ஐ, துரத்தியது என்று நாலு சீட்டு. இப்போ மற்ற மூணையும் தொடாமல் ஐ சீட்டை மட்டும் எடுத்துப் பூனைக்குப் பின்னால் வையுங்க. பூனை-ஐ எலி துரத்தியது. அக்கா மகள் மூணாம் வகுப்பு படிக்கும்போது இதைச் செய்து காட்டினேன். "ஐயோ மாமா, எலி போய்ப் பூனையைத் துரத்துது!" என்று கத்திட்டு, அடுத்த அரைமணி நேரம் கண்ணில் பட்டதுக்கெல்லாம் ஐ மாற்றினாள். பாட்டி தோசையைச் சாப்பிட்டாங்க, பாட்டியைத் தோசை சாப்பிட்டது. பாட்டி மாறினதும் வினைமுற்றும் 'சாப்பிட்டது' என்று தானாக மாறினதைக் கவனியுங்க. அதுக்குத் திணை என்று பேர் இருப்பது அவளுக்குத் தெரியாது.

இத்தாலியனில் வரிசை செய்கிற வேலையைத் தமிழில் அந்தத் துண்டுச்சீட்டு ஐ செய்யுது. நம்ம ஆட்கள் சொல்லை ஒன்பதாக வெட்டாமல் பெயர், வினை, இடை, உரி என்று நாலாக வைத்ததின் அர்த்தமும் இங்கேதான் புரியுது. ஐ ஒரு இடைச்சொல், தனியா நிற்காது. அந்தச் சீட்டை மட்டும் தனியா மேஜைமேல் வைத்து "படி" என்றால் அவளுக்கே சிரிப்பு வந்தது. தமிழுக்கு இலக்கணப் பெட்டி செய்வதென்றால் ஒன்பது நிறம் வேண்டாம். நாலு போதும், இடைச்சொல் சீட்டு மட்டும் மற்றதில் பாதி அகலத்தில், ஒட்டிக்கொள்ளத் தோதாக இருக்கணும்.

அடுத்து அதே ஐ சீட்டை வைத்து இன்னொரு ஆட்டம். ஒரு கட்டு பெயர்ச்சீட்டு: மரம், வீடு, கல், கால், படம், ஆறு, பல், மீன், குளம், காடு, கண், தேன். ஒவ்வொண்ணையும் ஐயோடு சேர்த்து வாயால் சொல்லணும், ஒரே மாதிரி மாறுறதை ஒரே குவியலில் போடணும். விதி எதுவும் சொல்லக்கூடாது. மரத்தை, படத்தை, குளத்தை ஒரு குவியல். வீட்டை, காட்டை, ஆற்றை இன்னொண்ணு. கல்லை, பல்லை, கண்ணை மூணாவது. காலை, மீனை, தேனை நாலாவது.

முதல் ரெண்டும் சட்டென்று வந்துடும். மூணும் நாலும்தான் சுவாரசியம். "இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு ல் வருது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லலை. கொஞ்ச நேரம் ரெண்டு குவியலையும் மாற்றி மாற்றிப் பார்த்துட்டு, "குட்டியா சொல்றதுக்கெல்லாம் ரெண்டு" என்றாள். குறில் என்பதைத்தான் குட்டி என்கிறாள். உடனே 'பகல்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். பகலை. ப, க ரெண்டும் குட்டிதான், ஆனா ல் ரெண்டாகலை! ரொம்ப யோசித்தாள். "அப்போ ஒரே ஒரு குட்டி எழுத்து இருந்தால்தான்" என்று திருத்தினாள். தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று நன்னூல் சொல்லும் விதி இதுதான். 'தனி' என்ற ரெண்டெழுத்து எதுக்கு அங்கே இருக்குன்னு எனக்கு எந்த வகுப்பிலும் உறைச்சதில்லை.

ஒப்பித்ததா, உள்ளே இருப்பதா என்று சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கு. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர் செய்தது. இல்லாத பறவை ஒன்றைப் படம் வரைந்து, அதுக்கு 'வக்' என்று இல்லாத பேரை வைத்து, ரெண்டு இருந்தால் என்ன சொல்வே என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார். கேள்வியேபடாத சொல்லுக்குப் பிள்ளைகள் சரியான பன்மை சொன்னார்கள். அதாவது சொல்லை மனப்பாடம் செய்யலை, விதியையே வைத்திருக்கிறார்கள். தமிழில் 'டொக்கம்' என்று ஒரு பொம்மைக்குப் பேர் வையுங்க. "டொக்கத்தை எடு" என்றுதான் பிள்ளை சொல்லும், டொக்கமை என்று சொல்லாது. தாய்மொழி இலக்கணத்தில் டீச்சருக்கு இருக்கிற பெரிய வசதி இது. பிள்ளைக்குத் தெரியாததைச் சொல்லித்தர வேண்டாம், தெரிஞ்சதை அதுக்கே காட்டினால் போதும்.

இப்போ நம்ம பகுபதத்துக்கு வருவோம். கட்டளைச் சீட்டில் தமிழுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு. இத்தாலியனில் கட்டளைக்கென்று வினைக்குத் தனி விகுதிகள் உண்டு. தமிழில் ஒருத்தரை ஏவுற சொல்லும் வினையோட பகுதியும் ஒண்ணுதான். நட, ஓடு, பாடு, வா. நன்னூலே வினைப்பகுதிகளைக் காட்ட ஏவல் சொற்களாகத்தான் 23 அடுக்குது, முதல் சொல் 'நட'. அதனால் கட்டளைச் சீட்டை எடுக்கிற பிள்ளை கையில் வைத்திருப்பது சாட்சாத் பகுதியேதான்.

ஆட்டம் இப்படி. சிவப்புச் சீட்டு 'நட'. எடுத்ததும் "என்ன பண்ணப் போறே?" என்று கேட்கணும். நடப்பேன். நடந்துக்கிட்டு இருக்கும்போது "என்ன பண்றே?" நடக்கிறேன். உட்கார்ந்ததும் "என்ன பண்ணினே?" நடந்தேன். மூணையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லணும். எது மாறலை? முன்னால் நட, பின்னால் ஏன். நடுவில் இருப்பதுதான் மாறுது. பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்துக்கொண்டால் நடந்தான், நடக்கிறான், நடப்பான். இப்போ பின்னால் இருப்பதும் மாறுது. நடுவில் இருப்பது நேரத்தைச் சொல்லுது, கடைசியில் இருப்பது ஆளைச் சொல்லுது என்று எட்டு வயசில் கண்டுபிடித்துவிடலாம். இடைநிலை, விகுதி என்ற பேரை அப்புறம் மாட்டினால் போதும்.

'வா' சீட்டு வரும்போது தகராறு. வருவேன், வருகிறேன், வந்தேன். வா எங்கே போச்சு? வ ஆகிக் குறுகிட்டது, சில சமயம் பக்கத்தில் ரு வந்து உட்காருது. இதைத் 'திருட்டுச் சீட்டு' என்று தனியா வைப்போம். விகாரம் என்ற சொல்லுக்கும் அடைப்புக்குறிக்கும் அப்போதான் ஒரு தேவை வருது.

சரி, எல்லாம் இப்படி ஜாலியாகவே போயிடுமா என்றால், போகாது. ரெண்டு இடத்தில் மாட்டிக்கும்.

முதலாவது, நிறம். சிவப்பெல்லாம் வினை என்றால், படிக்கவே படிக்காமல் சிவப்பை எல்லாம் சிவப்பு அறையில் போட்டுவிட்டுப் பிள்ளை எழுந்து போய்டும். பார்க்க ரொம்ப ஒழுங்கா இருக்கும், டீச்சரும் திருப்தியா இருப்பார். கண்டுபிடிக்க வழி, அதே சொற்களை வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பது. 'ஓட்டம்', 'ஓடு', 'ஓடி' மூணையும் கலந்து கொடுங்க. பிள்ளை தயங்கினால் அது இதுவரை நிறத்தைத்தான் பிரிச்சிருக்கு.

ரெண்டாவது கொஞ்சம் ஆழமானது. விளையாட்டு வாயில் இருக்கிற இலக்கணத்தைத்தான் வெளியே எடுக்கும். நம்ம வாய்த் தமிழ் வேற, எழுத்துத் தமிழ் வேற. 'நில்' சீட்டுக்கு "என்ன பண்ணினே" என்றால் வரும் பதில் "நின்னேன்". புத்தகத்தில் நின்றேன். தின்னேன், புத்தகத்தில் தின்றேன். இறந்தகால இடைநிலை ற் என்று ஒரு குவியலே பிள்ளையின் வாயில் கிடையாது. அதே மாதிரி "மாடுங்க வந்துச்சு" என்று சொல்ற பிள்ளையிடம் எத்தனை சீட்டு குலுக்கினாலும் 'மாடுகள் வந்தன' விழாது. உள்ளே இருந்தால்தானே விழும். இத்தாலியில் அன்றைக்கு வட்டார வழக்கு பேசின பிள்ளைகளுக்கும் இந்தத் தூரம் இருந்திருக்கும், ஆனா நம்ம தூரம் ஊரெல்லாம் பொதுவான தூரம்.

அங்கே திரும்பவும் ஒப்பித்தலுக்குப் போகணுமா? நான் பார்த்த வரைக்கும் கதையை வாய்விட்டு வாசித்துக்காட்டுவதுதான் வேலை செய்யுது. மாடுகள் வந்தன, கிளிகள் பறந்தன, குரங்குகள் சிரித்தன என்று ஒரே கதையில் இருபது தடவை காதில் விழுந்தால், இருபத்தோராவது இடத்தில் நான் நிறுத்தும்போது பிள்ளை தானே "யானைகள் ஓடின" என்று முடிக்கும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அவசரப்பட்டால் நடக்காது. காதில் குடியேறினதுக்கு அப்புறம் சீட்டை எடுத்தால் அதுவும் விளையாட்டாகிடும்.

புணர்ச்சிக்கு நம்மகிட்டயே ஒரு பழைய கதை இருக்கு. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய கதை. முதல் சொல் 'திகடசக்கரம்'. திகழ் + தசக்கரம், விளங்குகிற பத்துக் கைகள் என்று அவர் சொல்ல, சபையில் ஒருத்தர் எழுந்து, ழகரமும் தகரமும் சேர்ந்தால் டகரம் ஆகும் என்பதற்கு எந்த இலக்கணத்தில் விதி, காட்டும் என்று நிறுத்திட்டார். முருகனே எடுத்துக் கொடுத்த சொல் அது என்பது நம்பிக்கை. அதனால் அவரால் மாற்றவும் முடியாது, விதி காட்டவும் முடியாது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த ஒரு புலவர் வீரசோழியத்தைப் பிரித்து விதியைக் காட்டிவிட்டு மறைந்தார், வந்தது முருகன் என்று கதை முடியும். நடந்ததா என்பது வேற விஷயம். வீரசோழியம் நிஜ நூல், 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் எழுதியது. சைவப் புராணத்துக்குப் பௌத்தர் நூல் சாட்சி சொன்னதாக ஊர் கதை கட்டியிருக்கிறது என்பதே எனக்குப் பிடிச்சிருக்கு.

இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது, சபையில் அந்த ஆள் எழுந்து கேட்கிற இடத்தில் நிறுத்திடணும். "நீங்களே சொல்லிப் பாருங்க, திகழ், தசம், வேகமா, இன்னும் வேகமா." ழகரத்துக்கு மேலே மடங்கின நாக்கு தகரத்துக்குப் பல்லுக்கு இறங்கி வர நேரம் இருக்காது, மடங்கின இடத்திலேயே தட்டும். அங்கே தட்டினால் ட. கூடவே கட்டளைச் சீட்டுக் கட்டிலிருந்து 'கேள்' என்பதை எடுத்து, "என்ன பண்ணினே?" என்று கேளுங்க. கேட்டேன் என்பார்கள். அந்த ள் எங்கே போச்சு என்று அவங்களே தேட ஆரம்பிச்சுடுவாங்க.